வியாழக்கிழமை நூற்று நாற்பது கிலோ

என் வீட்டுக்காரர் துபாயில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் பதினைந்து வருடம் வேலை பார்த்தார். அதில் ஒன்பது வருடம் ட்ரை கிளீனிங் இயந்திரத்தில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார், போய்விடுவார். ஒவ்வொரு முறையும் "இதான் கடைசி காண்ட்ராக்ட்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுவார். நானும் தலையாட்டுவேன். எத்தனை கடைசியைப் பார்த்துவிட்டேன் என்று எனக்கே எண்ணிக்கை தப்பிவிட்டது.

இந்த முறை மட்டும் அவர் கொஞ்சம் வேறு மாதிரி பேசினார். மாதக் கடைசிக்குள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் இன்னும் இரண்டு வருடம். மாதம் முடிவதற்குள், காரைக்காலில் ஒரு சலவைக் கடை போட்டுப் பிழைக்க முடியும் என்று எண்களில் தெரிந்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். சொன்னதோடு நிற்காமல் ஒரு திட்டமும் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இங்கிருந்து விவரம் சேகரித்துக் கொடுப்பதும் கணக்கைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. நான் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். எண்ணைக் காட்டி என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

விவரம் சேகரிக்க நான் நன்றாகவே அலைந்தேன். திருநள்ளாற்றில், கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குகிற மூன்று லாட்ஜ்களுக்குப் போய்ப் படுக்கை விரிப்பும் துண்டும் எவ்வளவு விழும் என்று கேட்டேன். எங்கள் தெருவிலும் அடுத்த நான்கு தெருக்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். லாட்ஜ் மேனேஜர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "குளத்துல முழுகிட்டு கட்டியிருந்த துணிய அங்கயே விட்டுட்டு வர்றவங்கம்மா இவங்க. அவங்க துணி ஒங்களுக்கு வராது. எங்க பெட்ஷீட்டுதான் வரும்" என்றார். எனக்குப் பெட்ஷீட் போதும் என்றேன். எல்லாவற்றையும் கூட்டினால் வாரத்துக்கு நானூற்று இருபது கிலோ வந்தது. அவருக்கு அனுப்பினேன்.

அவர் அதை ஏழால் வகுத்தார். நாளைக்கு அறுபது கிலோ. முப்பது கிலோ கொள்ளளவுள்ள ஒரு பெரிய வாஷிங் மெஷின், காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. அதே அளவில் ஒரு ட்ரையர். ஒரு ட்ரை கிளீனிங் இயந்திரம். தண்ணீருக்கு ஆயிரம் லிட்டர் தொட்டி. இஸ்திரிக்கு ஒரே ஒரு ஆள். துணி கொடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில் திரும்பக் கிடைக்கும் என்று போர்டில் எழுதிவிடலாம் என்றார். கடைசி வரியில் லாபம் அவருடைய துபாய்ச் சம்பளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. நான் கூட்டல், கழித்தல், சராசரி எல்லாம் சரிபார்த்து டிக் போட்டேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. இரண்டு வருடம் மிச்சம், இவர் வந்துவிடுவார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லாத குறைதான்.

முதல் இடி தண்ணீரில் விழுந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் கடையை வைப்பதாகத் திட்டம். அங்கிருக்கிற போர்வெல் தண்ணீரில் நான் இருபது வருடமாகத் துணி துவைக்கிறேன், சோப்பு நுரைக்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவர் திட்டத்தில் தண்ணீர் என்றால் தண்ணீர்தான், அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவருக்குப் பழக்கமான தண்ணீர் கடலிலிருந்து எடுத்து உப்பு நீக்கிக் குழாயில் வருவது. ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கடினமும் அதிகம், உப்பும் அதிகம் என்று வந்தது. கடினத்தைப் போக்க சாஃப்ட்னர் என்று ஒரு பீப்பாய் வைக்கலாம். ஆனால் அது உப்பைப் போக்காது. உப்பைப் போக்க ஆர்.ஓ. வைத்தால் இறைக்கிற தண்ணீரில் பாதிக்குக் கிட்ட சாக்கடைக்குப் போகும். இந்தத் தண்ணீரில் வெள்ளைத் துணி பத்து முறை துவைத்தால் பழுப்பேறும், மெஷினில் தண்ணீரைச் சூடாக்கும் கம்பியில் சுண்ணாம்பு படிந்து கரண்டைக் குடிக்கும்.

இதற்கு நான் அதிகம் அசரவில்லை. கோட்டுச்சேரியில் என்னைப் பெற்ற அத்தா அரிசி மண்டி வைத்திருந்தபோது கட்டிய குடோன் காலியாகக் கிடந்தது. அங்கே போர் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கும். அதையும் பரிசோதித்தேன். உப்பு இல்லை, கடினம் மட்டும் கொஞ்சம் இருந்தது, அதற்கு ஒரு சாஃப்ட்னர் போதும். துவைப்பது கோட்டுச்சேரியில், துணி வாங்கிக் கொடுப்பது காரைக்காலில் என் வீட்டு முன் அறையில். நடுவில் ஒரு ஆட்டோ. திட்டத்தில் மாற்றி எழுதி, தண்ணீரை வென்றுவிட்டேன் என்று அவருக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அவரும், "நீ இருக்கப்ப எனக்கென்ன புள்ள கவல" என்று பதில் போட்டார்.

அடுத்து இஸ்திரிக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. எங்கள் தெரு முனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிற அண்ணனும் அவர் மனைவியும் நல்ல வேலைக்காரர்கள். கடையில் வந்து சேர்கிறீர்களா என்று கேட்கத்தான் போனேன். நான் போனது ஒரு வியாழக்கிழமை காலை. வண்டியின் மேல், வண்டியின் கீழ், பக்கத்தில் கிடந்த பெஞ்சின் மேல் எல்லாம் மூட்டை. அண்ணன் கை நிற்கவில்லை. மனைவி பக்கத்தில் தண்ணீர் தெளித்து உருட்டி உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஏதும் கல்யாணமா?" என்றேன்.

அவர் நிமிராமலேயே சிரித்தார். "கல்யாணம் என்னம்மா கல்யாணம். நாளைக்கு வெள்ளிக்கெழமல்ல. ஒங்க ஆளுங்க ஜிப்பாவும் வெள்ளக் கைலியுந்தான். வாரம் பூரா ஈ ஓட்டுவேன், புதங்கெழம சாயங்காலத்துலேருந்து மூச்சு விட முடியாது. வெள்ளிக்கெழம பத்து மணிக்குள்ள கைக்கு வரலன்னா வண்டிய கவுத்துப்புடுவாங்க."

வாரத்துக்கு எவ்வளவு துணி என்று நான் வீடு வீடாகக் கேட்டேனே தவிர, எந்தக் கிழமை என்று ஒரு வீட்டில்கூடக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற ஆண்கள் நிறைந்த தெருவில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு, ஒவ்வொரு வியாழனும் அத்தாவின் ஜிப்பாவுக்கு நீலம் போட்டு வளர்ந்தவள் நான். ஏழால் வகுத்ததற்கு டிக் போட்டிருக்கிறேன்.

"ஒரு ஜிப்பா தேய்க்க எவ்வளவு நேரம்ண்ணே ஆவும்?"

"பட்டி, கை, காலர் எல்லாம் பாத்துத் தேய்ச்சா அஞ்சு நிமிசம். ஏம்மா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து லாட்ஜ்களுக்குப் போன் செய்தேன். அங்கேயும் அதே கதை. சனிக்கிழமை சனீஸ்வரனைக் கும்பிட வருகிற கூட்டம் வெள்ளி மாலை வந்து தங்கும், சனிக்கிழமை தரிசனம் முடித்துக் கிளம்பும். அந்த வாரத்து விரிப்பு முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் குவியும். திரும்பவும் தெருக்களில் ஏறி இறங்கி, கிழமை வாரியாகக் கேட்டு எழுதினேன். வெள்ளிக்கு முந்தி வருவது நூற்று நாற்பது கிலோ. ஞாயிற்றுக்கிழமை நூற்று நாற்பது. மிச்சம் ஐந்து நாளுக்கும் சேர்த்து நூற்று நாற்பது, அதாவது நாளைக்கு இருபத்தெட்டு. மொத்தம் அதே நானூற்று இருபதுதான். ஆனால் வாரத்தில் ஒரு நாள்கூட அறுபது கிலோ இல்லை.

அதற்குப் பிறகு அவர் திட்டத்தில் எதைத் தொட்டாலும் உதிர்ந்தது. ஒரு கிலோ துணிக்கு, அலசுவதையும் சேர்த்து, பதினைந்து லிட்டர் தண்ணீர். நூற்று நாற்பது கிலோ வருகிற நாளில் இரண்டாயிரத்து நூறு லிட்டர் வேண்டும், தொட்டியோ ஆயிரம். இருபத்தெட்டு கிலோ வருகிற நாளில் வெள்ளை தனி, சாயம் போகிற கைலி தனி, மற்றது தனி என்று பிரித்தால் ஒவ்வொன்றும் ஒன்பது, பத்து கிலோ. அதைப் போட்டு முப்பது கிலோ மெஷினை ஓட்டுவது, ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற மாதிரி. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை இஸ்திரியில் இருந்தது. ஜிப்பாவும் கைலியும் சராசரி முந்நூறு கிராம் என்றால் நூற்று நாற்பது கிலோவில் நானூற்று அறுபது உருப்படிக்கு மேல். அஞ்சு நிமிடத்துக்கு ஒன்று என்றால் முப்பத்தெட்டு மணி நேர வேலை. மெஷின் ஒரு சுற்றை ஒரு மணி நேரத்தில் துவைத்துத் தள்ளிவிடும். அதற்குப் பின்னால் துணி மலையாகக் குவிந்து, ஒரே இஸ்திரி மேஜைக்கு முன்னால் வரிசையில் நிற்கும். இருபத்து நான்கு மணி நேரம் என்று போர்டில் எழுதியிருந்தால் முதல் வெள்ளிக்கிழமையே எங்கள் கடை மானம் தெருவுக்கு வந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்தான். ஹோட்டலில் எல்லா நாளும் ஒரே மாதிரி அறைகள், ஒரே மாதிரி விரிப்புகள், ஏழால் வகுத்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஊரில் பிறந்த ஆம்பளைக்கு வெள்ளிக்கிழமை எப்படி மறந்துபோகும்? கோபம் தணிந்தபோது பயம் வந்தது. பதினைந்து வருடத்தில் இந்த மனிதருக்கு வாரமே மறந்துவிட்டது, இன்னும் இரண்டு வருடம் போனால் வேறு என்னவெல்லாம் மறக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நான் அழுதேன்.

பிறகு உட்கார்ந்து திட்டத்தை முதலிலிருந்து எழுதினேன். முப்பது கிலோ மெஷினுக்குப் பதில் பதினைந்து கிலோ மெஷின் இரண்டு. துணி திணிக்காமல் தடவைக்குப் பன்னிரண்டு கிலோ. கூட்ட நாளில் இரண்டும் சேர்ந்து ஆறு சுற்றில் நூற்று நாற்பதை முடிக்கும், மற்ற நாளில் ஒன்று தூங்கும். ஒன்று கெட்டுப்போனால் திருச்சியிலிருந்து மெக்கானிக் வரும்வரை மற்றது ஓடும். மூவாயிரம் லிட்டர் தொட்டி. கரண்ட் ஆபீஸில் விசாரித்ததில், நாம் வாங்கி வைக்கிற கிலோவாட்டுக்கு, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதாமாதம் கட்ட வேண்டும் என்றார்கள். பெரிய ட்ரையரை விட்டதில் அந்தச் செலவு பாதியாக இறங்கியது. துவைக்க ஒரு சுற்றுக்கு மூன்று யூனிட் என்றால் ட்ரையரில் காயவைக்க ஏழு யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் துவைக்க இருபத்து நான்கு, காயவைக்க ஐம்பத்தாறு. குடோன் மாடியில் வெயில் சும்மா அடிக்கிறது. எனவே ட்ரையர் சின்னதாக ஒன்று போதும், கொடிகள் நிறைய. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது, அப்போது ட்ரையர் நாள் முழுக்க ஓடும், துணி திரும்பக் கொடுக்க ஒரு நாள் கூடுதலாகும். அந்த இரண்டு மாதத்துக்கு மின்சாரச் செலவைத் தனியாக, கூட்டியே எழுதினேன்.

ஜும்ஆ துணிக்கு ஒரு விதி செய்தேன். புதன் மதியத்துக்குள் கொடுத்தால் வியாழன் மாலை உறுதி. மூன்று பேர் இஸ்திரி போட்டால் புதன் பிற்பகல் நாலு மணி நேரம், வியாழன் ஒன்பது மணி நேரம், கணக்கு கச்சிதமாக முடியும். வியாழனில் கொண்டுவருகிறவருக்கு இடமிருந்தால் கூடுதல் விலை, இல்லாவிட்டால் மன்னிப்பு. ட்ரை கிளீனிங் இயந்திரத்தை எடுத்தே விட்டேன். இங்கே வருவது பட்டுப்புடவையும் கல்யாணக் கோட்டும்தான், வாரத்துக்கு நாற்பது உருப்படி தேறாது. அதற்கு அவ்வளவு விலையில் மூடிய இயந்திரம், கரைப்பான், மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி என்று இறங்கினால் மீளமுடியாது. பெட்ரோலில் முக்கி எடுத்து ட்ரை கிளீனிங் என்று கொடுக்கிற வேலை எங்களுக்கு வேண்டாம், குடோனே எரிந்துபோகும். வாரம் இரண்டு நாள் கும்பகோணத்தில் இயந்திரம் வைத்திருப்பவரிடம் அனுப்புவது, திரும்பத் தர ஐந்து நாள். கறை நீக்குகிற மேஜை மட்டும் ஒன்று போட்டேன், அது என் வீட்டுக்காரரின் கைவேலை.

கடைசி வரியில் லாபம், அவருடைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

இப்போது என் கையில் இரண்டு திட்டம் இருந்தது. பழையதில் இவர் வந்துவிடுவார். புதியதில் வருவாரோ மாட்டாரோ. பழையதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மாதக் கடைசி தாண்டிவிடும். வந்த பிறகு தெரிந்தால் என்ன, அப்போது ஒப்பந்தம் போயிருக்கும், மனிதர் வீட்டில் இருப்பார். இதை நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் முப்பது கிலோ மெஷின் முன்னால், வியாழக்கிழமை மாலை, நனைந்த ஜிப்பாக்களுக்கு நடுவில் அவர் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். என்னை நம்பி வந்தவரை அப்படி நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

அதோடு எனக்கு இன்னொன்றும் புரிந்தது. இந்தத் திட்டத்தில் தண்ணீரும் கிழமையும் இஸ்திரியும் எல்லாம் நான் கண்டுபிடித்தது. இது ஓடும். இவர் வந்தாலும் ஓடும், வராவிட்டாலும் ஓடும். மறுநாளே அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன், என் பெயரில் கடன் கேட்டு.

வங்கி அதிகாரி ஒரு இளம்பெண். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஒரு பெரிய மெஷின்தான விலை கம்மி? ஏன் ரெண்டு சின்னது?" என்றார். வியாழக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க வர்ற திட்டம் எல்லாத்துலயும் மாசத்துக்கு முப்பது நாளும் ஒரே வியாபாரம் நடக்கும் மேடம். கிழமை போட்டு இப்பதான் பாக்குறேன்" என்றார். பிறகு, "மெஷினை ஓட்டப் போறது யாரு? உங்க வீட்டுக்காரர் வரலன்னா?" என்று கேட்டார்.

"ஆள் போட்டுக்குவேன்" என்றேன்.

"அப்ப அந்தச் சம்பளம் இதுல இல்லையே."

அவர் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து, ஆபரேட்டர் ஒருவர், மாதச் சம்பளம் என்று ஒரு வரியைச் சேர்த்தேன். லாபம் இன்னும் இறங்கியது. இறங்கினாலும் கடன் தவணை கட்டி மிச்சம் நின்றது. அன்று மாலையே அதை வங்கிக்கும் அனுப்பினேன், என் வீட்டுக்காரருக்கும் அனுப்பினேன். கூடவே ஒரு குரல் செய்தி.

"ஏங்க, நீங்க போட்ட கணக்குல வெள்ளிக்கெழம இல்லங்க. நானும் பாக்காம விட்டுட்டேன். இதான் சரியான கணக்கு. ஒங்க சம்பளத்துக்கு இது ஈடாவாது, அத மறைக்க எனக்கு இஷ்டமில்ல. நீங்க கையெழுத்து போட்டாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா கடைய நான் தொறக்கத்தான் போறேன், இன்ஷா அல்லாஹ்."

நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. ட்ரை கிளீனிங்கை எடுத்ததில் கோபமோ, பாதிச் சம்பளத்தைப் பார்த்து மனம் மாறிவிட்டதோ என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். டியூஷனில் சராசரிக் கணக்கைத் தப்பாகச் செய்து பிள்ளைகளிடம் கேலி வாங்கினேன். கோபிக்கமாட்டேன் என்று சொன்னது பெரிய மனுஷத்தனம்தான், உள்ளுக்குள் அவ்வளவும் கோபம் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து போனைப் பார்த்தேன். நான் அனுப்பிய திட்டத்தையே அவர் திருப்பி அனுப்பியிருந்தார். கூட ஒரு வார்த்தை இல்லை. எதை மாற்றியிருக்கிறார் என்று முதல் வரியிலிருந்து தேடினேன். இரண்டு மெஷின் அப்படியே இருந்தது. தண்ணீர், கரண்ட், மூன்று இஸ்திரி மேஜை, கும்பகோணத்துக்கு ஐந்து நாள், புதன் மதியம், எதிலும் கை வைக்கவில்லை. ஆபரேட்டர் மாதச் சம்பளம் என்ற வரிக்கு வந்தேன். நான் போட்டிருந்த தொகையை அழித்துவிட்டு அங்கே ஒரு சைபர் போட்டிருந்தார்.

கீழே லாபம் தானாகவே கூடியிருந்தது. நான் அந்த சைபரைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வங்கி அதிகாரிக்குப் போன் செய்து, மேடம், செலவுக் கணக்கில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன்.